பெயர் எழுதும் கட்டம்

ஆபீஸில் அவளுக்கு நொட்டை என்று பெயர். வீட்டிலும் கிட்டத்தட்ட அதேதான். கூரியர் பொட்டலத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டாள். "இவ பாத்து முடிக்கிறதுக்குள்ள உள்ள இருக்கறது கெட்டே போயிடும்" என்பது மாமியாரின் புலம்பல். இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி இருந்தது. அடுத்தவர் எழுதிய இணையதளங்களில் ஓட்டை தேடுவது அவள் வேலை.

ஓட்டை கிடைத்தால் அறிக்கை எழுதுவாள். அறிக்கையின் கடைசியில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தவறு செய்தவரின் பெயர் வரவேண்டும். ஒரே ஆளின் பெயர் மூன்று தடவை வந்தால் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அந்தக் கட்டத்தை வைக்கச் சொல்லி அடம்பிடித்தவளே அவள்தான். பெயர் போடாவிட்டால் ஒருத்தனுக்கும் உறைக்காது என்பது அவள் கட்சி.

அந்த வாரம் வந்தது வேலை தேடுவோருக்கான தளம். விண்ணப்பிப்பவர் தன் புகைப்படத்தை ஏற்ற வேண்டும். எழுதியவரை ஆபீஸில் எல்லாரும் பெரியப்பா என்பார்கள். நாற்பத்தாறு வயதில் கணக்கு வாத்தியார் வேலையை உதறிவிட்டு நிரல் எழுத வந்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் பெயர் ஏற்கெனவே இரண்டு கட்டங்களில் ஏறியிருந்தது. அந்த இரண்டையும் ஏற்றியவள் இவள்தான்.

"பெரியப்பா, இங்க கொஞ்சம் வாங்க" என்றாள் சோதனைத் தளத்தைத் திறந்துவைத்து.

எட்டையும் ஏழையும் பெருக்கி விடையைக் காட்டும் ஒற்றை வரி நிரலை ஒரு கோப்பில் எழுதினாள். படமே இல்லை, சர்வர் எடுத்து ஓட்டக்கூடிய பி.எச்.பி. நிரல். அனுப்பும்போது 'இது படம்' என்று உறையின்மேல் எழுதுவதுபோல் கோப்பின் வகையை மட்டும் மாற்றினாள். தளம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

"அனுப்புறவன் சொல்ற வகையை அப்படியே நம்புறீங்க. சரி, கோப்பு எங்க போச்சு?"

"தளத்தோட ஃபோல்டருக்குள்ளயேதான் மேடம். பேரைக்கூட மாத்தல."

அந்த முகவரியைத் தட்டினாள். திரையில் 56 என்று வந்தது. பெரியப்பாவின் முகம் சுண்டிப்போனது. சர்வர் கோப்பைக் காட்டவில்லை, ஓட்டியிருக்கிறது. பெருக்கல் போட்ட இடத்தில் ஒரு திருடன், விண்ணப்பித்தவர்களின் விவரங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும் நிரலைப் போட்டிருக்கலாம்.

"எனக்கு இது மூணாவது, இல்ல?" என்றார். வாத்தியார் அல்லவா, கணக்கில் தப்பவில்லை. "பரவால்ல மேடம். தப்பு தப்புதான்."

அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்காகக் கட்டத்தைக் காலியாக விடமுடியுமா? எந்த வரியில் தவறு என்று குறிக்க நிரலைத் திறந்தாள். படத்தை வாங்கும் பகுதியைப் பெரியப்பா எழுதவே இல்லை. கம்பெனியின் பொது நிரல்களிலிருந்து, எல்லாரையும்போல, எடுத்துப் போட்டிருந்தார். அதன் தலையில் ஒரு குறிப்பு: 'இப்போதைக்கு இது போதும். திரும்பி வந்து சரிசெய்கிறேன்.'

அந்தப் பகுதியின் வரலாற்றைத் தோண்டினாள். பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி. பிரசவ விடுப்புக்குக் கிளம்பிய நாள். பக்கத்தில் அவள் பெயர்.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. அம்மா திரும்பி வந்தாள், நொட்டை சொல்லும் வேலைக்கு மாறினாள், ஊரையே கட்டத்தில் ஏற்றினாள். இந்தப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. இதே நிரல் இன்னும் ஒன்பது தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. வரலாற்றை வேறு யாரும் தோண்டப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய்.

ஒரு டீ குடித்துவிட்டு வந்து அறிக்கையை எழுதினாள். அனுமதிக்கும் கோப்பு வகைகளுக்குப் பட்டியல் வேண்டும். உள்ளே இருப்பது படம்தானா என்று பார்க்கவேண்டும். படத்துக்குள்ளும் நிரலை ஒளிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. சர்வரே புதுப் பெயர் சூட்டி, தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே, எதுவும் ஓடமுடியாத இடத்தில் வைக்கவேண்டும். ஒன்பது தளங்களிலும் படம் ஏற்றுவதை இன்றே நிறுத்தவேண்டும். கடைசியில் கட்டம். தன் முழுப்பெயரை, இனிஷியலோடு எழுதினாள்.

மேனேஜர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுல உங்க பேர் தவறி விழுந்திருக்கு."

"தவறியெல்லாம் விழல சார்."

விஷயம் அவள் இருக்கைக்குத் திரும்புவதற்குள் பரவிவிட்டது. பெரியப்பா தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று அவள் கூசிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இதுதான் முதல் தடவையா?"

தலையாட்டினாள்.

"அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது" என்றார். "அடுத்த நாள் சரியாயிடும். எனக்கு ரெண்டு தடவையும் அப்படித்தான்."

இரண்டு தடவையும் மறுநாள் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள். சாப்பிட்டாரா என்று கேட்டதில்லை.