நூற்றுப்பத்து வோல்ட்

இப்போதெல்லாம் விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் ஒரு சிறிய துளை வைத்திருக்கிறார்கள். சொகுசுப் பேருந்திலும் உண்டு. கேபிளைச் செருகியதும் போனில் மின்னல் குறி வரும், நமக்கும் நிம்மதி வந்துவிடும். அந்தக் குறியை நான் நம்புவதில்லை. அந்தத் துளை தருவது பெரும்பாலும் அரை ஆம்பியர்தான், யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதில் செருகிக்கொண்டே படம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "அணைச்சு வைங்க, இல்லாட்டி ஏறவே ஏறாது" என்று சொல்லிவிடுவேன். என் மகளுக்கு இதனால் பெரிய அவமானம். "அம்மா, ப்ளீஸ், யாரும் உன்னைக் கேக்கல" என்று இந்தியில் கிசுகிசுப்பாள்.

யாரும் கேட்கவில்லைதான். எனக்கு ஒருத்தி கேட்காமலே சொன்னாள். நான் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அப்போது தில்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். மத்திய அமைச்சகம் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. கைப்பேசி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. எங்கள் செக்ஷனில் யாருமே வீட்டில் சார்ஜ் போட மாட்டோம். காலையில் வந்ததும் ஆளுக்கொரு பிளக்கைப் பிடித்து மேஜைக்குக் கீழே செருகிவிட்டால் சாயங்காலம் நிறைந்திருக்கும். சர்க்கார் மின்சாரத்தில் பேசுவதில் ஒரு அற்ப சந்தோஷம். அதனால் போனோடு வந்த சார்ஜர் ஆபீஸ் டிராயரிலேயே குடியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் வீடு திரும்பிய பிறகு, திருச்சியிலிருந்து தம்பி கூப்பிட்டான். அப்பாவுக்குக் குடலில் அடைப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன். "பயப்படாதக்கா, டாக்டர் தைரியமாத்தான் சொல்றார். ஆனா அப்பா ஒரே பிடிவாதம். உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட பேசணுமாம். பேசாம போக மாட்டேங்கிறார்."

அப்பா நினைத்ததை முடிக்காமல் விட மாட்டார், எனக்கும் அந்த ரத்தம்தான். "நான் ரயில்ல இருந்தாலும் எடுப்பேன்னு சொல்லுடா" என்றேன். தத்காலில் சனிக்கிழமை சாயங்கால வண்டிக்கு இரண்டாம் வகுப்புப் படுக்கை கிடைத்தது. வீட்டுக்காரரும் மகளும் பரீட்சைக்காக தில்லியிலேயே தங்கினார்கள்.

சனிக்கிழமை ஆபீஸ் பூட்டு. சார்ஜர் டிராயருக்குள். செக்டர் மார்க்கெட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய ஒன்றை வாங்கிக்கொண்டேன். "ஏக்தம் ஒரிஜினல், பெஹன்ஜி" என்றான் கடைக்காரன். வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தேன், ஏறத்தான் செய்தது. அதற்குள் அத்தை, சித்தப்பா, பெரியம்மா மகன் என்று ஊரில் இருக்கிற எல்லோரும் என்னைக் கூப்பிட்டு அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்டார்கள். அவர் திருச்சியில், நான் தில்லியில். வண்டி ஏறும்போது நாலு கட்டத்தில் இரண்டுதான் மிச்சம்.

எங்கள் பெட்டியில் புதிதாகச் சார்ஜ் போடும் பிளக் வைத்திருந்தார்கள். மொத்தமே நாலைந்து. அதில் ஒன்று எனக்கு எதிர்ப்புறம், பக்கவாட்டுப் படுக்கைக்கு மேலே சுவரில். ஏதோ எனக்காகவே வைத்தது போலச் சந்தோஷப்பட்டுச் செருகினேன். கட்டங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஏறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கின. ஏறுகிறது என்று நம்பிவிட்டேன். அந்தக் கட்டங்களின் ஓட்டம் சார்ஜர் செருகியிருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம், எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு அல்ல என்று எனக்கு யார் சொன்னார்கள்? செருகியபடியே தம்பியிடம் பேசினேன், மகளிடம் பேசினேன், வீட்டுக்காரரிடம் குக்கர் வைக்கும் விதத்தை மூன்று தடவை சொன்னேன். பின்னால் ஒருவர் தன் போனைக் கையில் பிடித்தபடி "ஹோ கயா க்யா?", ஆயிற்றா என்று அரை மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார். பெருந்தன்மையாக எடுத்து அவருக்கு விட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஒரே ஒரு கட்டம் நின்றது. நாக்பூர் தாண்டியதும் அதுவும் விட்டு விட்டு எரியத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன், ரயில்வேயைத் திட்டினேன்.

பக்கவாட்டுப் படுக்கைக்காரி அப்போதுதான் பேசினாள். தில்லியில் நர்ஸ் வேலை, ஊர் நாகர்கோவில் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்குப் போகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"என்னக்கா, அத அந்தப் பாடு படுத்துதீங்க? இங்க தாங்க" என்று சார்ஜரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இருநூத்தி இருபதுன்னு மட்டும்தான் போட்டிருக்கு. ரயில்ல வாரது நூத்திப்பத்துதான்க்கா. இதுக்குப் பாதி வேலைகூடப் பாக்காது. நூறுல இருந்து இருநூத்தி நாப்பது வரைக்கும்னு எழுதியிருக்கணும், அதுதான் ரெண்டு எடத்துலயும் ஓடும்."

தன்னுடையதை எடுத்துக் காட்டினாள். அதன் முனை தடிமன், என் போனில் நுழையவில்லை. அவளுடையது சிம் அட்டையே இல்லாத வகைப் போன், ஆகவே என் சிம்மை அதில் போடவும் வழியில்லை. அவள் முகத்தில் நல்ல செவிலியின் பொறுமை இருந்தது. விஷயத்தைக் கேட்டாள், சொன்னேன்.

"அப்பம் ஒண்ணு செய்யுங்க. போனை அணைச்சுட்டுப் போடுங்க. வண்டி ஓட ஓட டவரத் தேடித் தேடியே பாதி கரையுது. அணைச்சாத்தான் வார கொஞ்சமும் பேட்டரிக்குள்ள போவும். ஒரு மணி நேரம் போட்டா ஒரு தடவ பேசுகதுக்குக் காணும். நான் எப்பவும் வீட்டுலயே ரெண்டு பேட்டரி நெறச்சு எடுத்துட்டு வருவேன், இதை நம்பவே மாட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அணைக்கதுக்கு முன்னால தம்பிக்கு என் நம்பரக் குடுத்துருங்க. என் போன் சும்மாதான் கெடக்கு. நடுவுல எதாவதுன்னா இதுல கூப்பிடட்டும்."

நான் மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அப்போதெல்லாம் வெளியூரில் வருகிற அழைப்புக்கும் அவளுக்குத்தானே செலவு என்ற கூச்சம் ஒன்று. முன்பின் தெரியாதவள் போனில் என் அப்பா ஆபரேஷனுக்குப் போகும் பேச்சா என்ற வீம்பு இன்னொன்று. "நாலு மணிக்குத்தான்மா ஆபரேஷன், இப்ப பன்னெண்டுகூட ஆகலையே" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. போனை அணைத்து, செருகி, மடியில் வைத்துக்கொண்டேன். வரிசையில் நின்றவரிடம் "ஏக் கண்டா" என்று விரலைக் காட்டினேன். என் மூஞ்சியைப் பார்த்து அவரும் பேசாமல் போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரம் நான் நன்றாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். நர்ஸ் கொடுத்த முறுக்கைத் தின்றேன். அப்பாவிடம் என்ன பேசலாம் என்று ஒத்திகை பார்த்தேன். பயப்படாதீங்க என்றால் எனக்கா பயம் என்பார், ஆகவே திட்டுவது நல்லது என்று முடிவு செய்தேன். வெளியே காடும் மேடுமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணி கழித்துப் போனை ஆன் செய்தபோது இரண்டு கட்டம். நர்ஸைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் சிக்னல் இல்லை. பல்லார்ஷாவில் வண்டி நின்றதும் இறங்கி ஓடினேன். இருக்கிற சார்ஜை அப்பாவுக்காகச் சேமிக்கலாம் என்று பிளாட்பாரத்து டெலிபோன் பூத்திலிருந்து தம்பியைக் கூப்பிட்டேன்.

"எங்கக்கா போய்த் தொலைஞ்ச?" என்றான். என்னை அப்படி அவன் பேசியதே இல்லை. "முன்னாடி கேஸ் ஒண்ணு தள்ளிப் போச்சுன்னு அப்பாவை இப்பவே கொண்டாங்கன்னுட்டாங்க. பன்னெண்டே காலுக்குக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மூணு தடவை. உள்ள கூட்டிட்டுப் போயாச்சு."

நான் சார்ஜ் போட்டிருந்தேன் என்று அவனிடம் சொன்னேன். உன்னோடு பேசத்தான் அணைத்து வைத்தேன் என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு கேவலமாக ஒலிக்கும் என்று அப்போது தெரிந்தது.

பெட்டிக்குத் திரும்பினேன். நான் சொன்னதும் நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நம்பரைக் குடுத்திருக்கலாம்க்கா" என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. வேண்டுமென்றால் இப்போது பேசுங்கள் என்று தன் போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாரங்கல்லை நெருங்கும்போது என் போன் அடித்தது. சார்ஜ் இருந்தது, சிக்னல் முழுதாக இருந்தது, தம்பியின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அப்பா மயக்கத்திலிருந்து எழவில்லை. அந்தச் செய்தியைக் கேட்கத்தான் நான் மத்தியானம் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்.

மீதிப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சென்னையில் இறங்கித் திருச்சி போய்ச் சேர்ந்தபோது என் ஒருத்திக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

தம்பியும் நானும் காரியங்கள் முடியும்வரை சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவனுக்குக் கோபம் என்று நினைத்தேன், நியாயம்தான் என்றும் நினைத்தேன். பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு, கொல்லையில் பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன். "அப்பா ரொம்ப எதிர்பார்த்தாராடா?"

அவன் கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தான்.

"உனக்குச் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றான். "மூணாவது தடவை நான் டயல் பண்ணும்போதே அப்பா போனைப் பிடுங்கிக்கிட்டார்க்கா. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே. அவருக்குத்தான் காது மந்தமாச்சே, அதுல ஒரு பொம்பள இந்தியில சுவிட்ச் ஆஃப்னு சொல்லிட்டிருக்கு. இவர் நீதான்னு நெனச்சுட்டார். 'யார்கிட்டயோ இந்தியில பேசிட்டிருக்கா, இரு'ன்னு எனக்குக் கைகாட்டிட்டு, அவர்பாட்டுக்கு அதுகிட்டயே பேசினார்."

"என்ன பேசினார்?"

"'நான் உள்ள போறேம்மா. நீ அவசரப்பட்டு ஓடுற வண்டியில இறங்காத. வந்து சேந்ததும் மொதல்ல சாப்பிடு, அப்புறம் என்னைப் பாக்கலாம்.' அவ்வளவுதான். போனை என்கிட்ட குடுத்துட்டு, பேசியாச்சு, தள்ளுங்கன்னு வார்டு பாயைப் பாத்துச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. அவ இல்லப்பான்னு எனக்குச் சொல்ல மனசு வரல."

அப்பா அது நானில்லை என்று கடைசிவரை அறியாமல் போனாரே என்று ஆறுதல்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. "நான் என்ன சொன்னேன்னு கேட்டியாடா அவர்கிட்ட?" என்றேன்.

"கேட்டேன்க்கா. கதவு கிட்ட போறப்ப, 'என்னப்பா சொன்னா அக்கா?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'சரிப்பான்னு சொன்னா'ன்னார்."