தெருவில் வைத்து எடுத்த படம்

அரூரில் எங்கள் வீட்டுக்காரர் புளி வியாபாரம் பண்ணினார். வீட்டு முன்கட்டிலிருந்த கடைக்கும் வீட்டுச் சாமானுக்கும் சேர்த்து நெருப்பு இன்சூரன்ஸ் எழுதிக்கொண்டது யுத்தம் தொடங்குவதற்கு முன்னால். சேலத்திலிருந்து வந்த ஏஜெண்டு பேச்சில் கெட்டி. “பாலிசிக் காகிதத்தை இந்த வூட்லயே வெக்காதீங்க. வூட்டோட அதுவும் எரிஞ்சுபோனா எதைக் காட்டுவீங்க? சாமானையும் ஒரு போட்டோ புடிச்சு, அதையும் வேற எடத்துல வெச்சிருங்க” என்றார்.

தருமபுரியிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தோம். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, எல்லாவற்றையும் வெளியே கொண்டுவாங்க என்றுவிட்டார். தையல் மெஷின், கட்டில், பித்தளை அண்டா, என் அலமாரி எல்லாம் தெருவுக்கு வந்தன. தெருவே கூடிவிட்டது. போட்டோ என்றால் அந்தக் காலத்தில் சும்மா நின்று எடுத்துக்கொள்கிற வழக்கமில்லை. பக்கத்து வீட்டு நாற்காலி, யாரோ ஒருவரின் கைக்கடிகாரம், இரவல் சங்கிலி என்று கொஞ்சம் ஜோடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். எதிர்வீட்டு அண்ணன் தம் கிராமபோனைத் தாமே தூக்கி வந்து நடுவில் வைத்தார்.

“இருக்கட்டும் தம்பி. வெறும் அண்டாவும் குண்டாவுமா இருந்தா பாத்திரக்கடைன்னு நெனச்சுக்குவாங்க.”

“அலமாரியத் தொறந்து வைங்கம்மா, உள்ள இருக்கறதும் விழட்டும்” என்றார் போட்டோக்காரர். என் மாமியார் அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். “மருமவ சீலையெல்லாம் ஊரு பாக்கறதுக்கா? மூடுனபடியே எடுங்க.” அத்தை சொன்னால் சொன்னதுதான்.

பாலிசியும் படமும் கடத்தூரில் என் அம்மா வீட்டுத் தகரப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டு வருஷம் கழித்து, கோடையில், பின்தெருவில் ஒரு வைக்கோல் போர் பற்றியது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. எங்கள் சமையல்கட்டுக்கு மேலே கீற்று. அங்கே பிடித்த நெருப்பு வீட்டையே தின்றுவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. கட்டின துணியோடு தெருவில் நின்றோம்.

அன்றைக்கே கம்பெனிக்குத் தந்தி கொடுத்தார் இவர். கடத்தூரிலிருந்து தம்பி காகிதத்தோடு பஸ் ஏறி வந்தான். கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை ஒரு கரித்துண்டைக்கூட நகர்த்தக் கூடாது என்று பாலிசியில் இருந்ததை இவர் படித்துச் சொன்னார். பெருக்கித் தள்ள வந்த பெண்களையெல்லாம் அத்தை விரட்டிவிட்டார்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். மூக்குக்கண்ணாடியும் குடையுமாக, அதிகம் பேசாத மனுஷர். இவர் எழுதிக் கொடுத்திருந்த எரிந்த சாமான் பட்டியலை ஒரு கையிலும் படத்தை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தார்.

“படத்துல கிராமபோன் இருக்கே. பட்டியல்ல காணோமே?”

“அது எங்களுது இல்லைங்க. படத்துக்கு வெச்சது.”

“அப்போ தையல் மெஷின் யாருது? அண்டா யாருது? எல்லாமே படத்துக்கு வெச்சதா?” குரலை உயர்த்தவேயில்லை. “பொய்யா ஒண்ணு சேர்த்திருந்தாலும் மொத்தமும் போயிரும். தெரியுமில்லீங்களா?”

அந்தப் பணம் வராவிட்டால் கூரை கிடையாது. கடையும் போய்விட்டது, வேறு வழியில்லை.

எதிர்வீட்டு அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது. கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வந்து சர்வேயர் முன்னால் வைத்தார். “என்னுதுங்க. ஜம்பத்துக்கு வெச்சது நான். படத்துல பாருங்க, குழாய் ஓரத்துல நசுங்குன இதே சொட்டை. அவங்க ஏமாத்தறவங்களா இருந்தா இதையும்ல பட்டியல்ல சேர்த்திருப்பாங்க?”

சர்வேயர் சொட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிவிட்டுச் சாம்பலுக்குள் இறங்கினார். மெஷினின் இரும்புக் கால், மிதி, சக்கரம் கிடைத்தன. அண்டா உருகிக் கட்டியாகிக் கிடந்தது. அலமாரி இருந்த இடத்தில் கீலும் பூட்டும். ஒவ்வொன்றையும் படத்தோடு ஒத்துப் பார்த்துப் பட்டியலில் குறி போட்டார். யாரும் வாரிக் கொட்டாததால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

“அலமாரிக்குள்ள என்னம்மா இருந்துது? படத்துல கதவுதான் தெரியுது.”

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சொன்னேன். கல்யாணத்து அரக்குப் பட்டு. வளைகாப்புக்கு அம்மா எடுத்த பச்சை. தீர்த்தமலைத் திருவிழாவுக்கு இவர் வாங்கிவந்த மயில்கழுத்து நிறம், ஒரே தடவை கட்டினது. பெரிய நாத்தனார் தந்த சுங்கடி, சாயம் போனது, ஆனாலும் உடம்புக்கு அவ்வளவு இதம்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “விலை சொல்லுங்கம்மா.”

ஒன்றுக்குக்கூட எனக்கு விலை தெரியவில்லை. எல்லாம் யாராவது கொடுத்ததுதான்.

பணம் வந்தது. ஓட்டுக் கூரை போட்டோம், கடையும் எழுந்தது. துணிமணிக்கென்று ஏதோ கொஞ்சம் போட்டிருந்தார்கள். அதில் அத்தை எனக்கு ஒரு நூல் சேலை எடுத்துக் கொடுத்தார். விலைச் சீட்டைக் கிழிக்காமலே கொடுத்தார்.