பிள்ளையார் பெயரில் ஆறு பில்கள்

வாழ்நாளில் பாதியைப் புத்தகங்களோடு கழித்த நான், வாட் வரிப் படிவத்தின் பின்பக்கத்தை மட்டும் வாசித்ததில்லை. மொத்த விற்பனையை எழுதும் கட்டத்தில் வரி இல்லாத விற்பனையையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே போட்டிருந்தது. வரியில்லாத அரிசிக்கு வரிப் படிவத்தில் என்ன வேலை என்று நானாகவே முடிவு செய்து, ஒரு வருடத்தின் நான்கு காலாண்டுப் படிவங்களையும் அப்படியே அனுப்பிவிட்டேன்.

படிவங்கள் என்னுடையவை அல்ல. ஸ்ட்ரெதம் பகுதியில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்த மச்சானுடையவை. அவர் மனைவி எனக்குத் தங்கை முறை. முறுக்கு, மிக்சருக்கு வரி உண்டு, சிவப்புப் பில் புத்தகம். அரிசி, பருப்புக்கு வரி இல்லை, நீலப் புத்தகம். நான் சிவப்பை மட்டும் கூட்டியிருந்தேன்.

ஆண்டுக் கணக்கில் விற்பனை நான்கு லட்சம் பவுண், படிவங்களில் ஒரு லட்சம். விளக்கம் கேட்க வெள்ளிக்கிழமை வரி அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

"நான் விற்பனையை ஒளிச்சதெண்டு நினைக்கப் போறாங்கள். ஒரு சதம் ஒளிக்கேல்லை" என்றார் மச்சான். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கை சொன்னாள்.

வியாழன் முழுவதும் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பில்களை ஒவ்வொன்றாக, சாமான் வாங்கிய கடைகளின் கணக்கோடு ஒப்பிட்டேன். அரிசியைச் சேர்த்ததும் பெரிய இடைவெளி மூடியது. கட்ட வேண்டிய வரி மாறவில்லை. ஆனால் பில்களின் கூட்டுத்தொகை கடைகளின் கணக்கைவிட இன்னும் அறுநூற்றாறு பவுண் கூடுதலாக நின்றது. முதுகு விட்டுப்போன நேரத்தில்தான், ஆறு நீலப் புத்தகங்களிலும் முதல் பில் நூற்றொரு பவுண் அரிசிக்கு என்பதும், வாங்கியவர் ஒருவரே என்பதும் கண்ணில் பட்டன.

"இதார் மச்சான், பிள்ளையார்?"

"பிள்ளையார்தான். புது நீலப் புத்தகம் திறந்தால் முதல் பில் அவருக்கு. பிறகுதான் மற்ற ஆக்களுக்கு."

"அரிசி போனதோ?"

"அதெப்பிடிப் போகும்?"

"காசு?"

"அவரிட்டக் கேக்கேலுமே?"

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி இளம் வெள்ளைக்காரப் பெண். அரிசியை விட்டது என் பிழை என்றேன். புத்தகங்களைப் புரட்டி, கூட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு பிள்ளையார் பில்களைக் காட்டினேன். இந்த வாடிக்கையாளரின் முகவரி எங்கே என்று கேட்டாள். மச்சான் பணிவாகச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். சாமான் போகாதது விற்பனை அல்ல, அந்த ஆறையும் ரத்து என்று எழுதிப் புத்தகத்திலேயே வைத்திருங்கள், இனி அந்தக் கட்டத்தைச் சரியாக நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மேலதிக வரி ஒன்றும் இல்லை.

மச்சான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம் போல இருந்தது. தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"வாசல்ல வைச்சு அந்த வெள்ளைக்காரப் பிள்ளை கேட்டவ அண்ணை, உங்கட கணக்குப்பிள்ளையை எங்க பிடிச்சனீங்கள் எண்டு. சொந்தக்காரர் எண்டு சொல்ல ஒரு மாதிரிக் கிடந்தது. பேப்பர் விளம்பரத்தில பாத்தது எண்டு சொல்லிப்போட்டன்."