மூன்றாவது A

அந்த ஓட்டுநரின் கேட் பாஸைப் பிடுங்க வைத்தது என் கையெழுத்து. இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். கன்டெய்னர் யார்டுகளின் கேட்டைத் திறக்கும் பெட்டி எங்கள் தயாரிப்பு. டிரெய்லர் வந்து நின்றதும் கண்ணாடியில் ஒட்டிய டேக்கின் எண்ணை ரீடர் படித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெட்டிக்கு அனுப்பும். எண்ணில் 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் வரலாம். எண் முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் AAZ என்று மூன்று எழுத்து வரும். அந்த மூன்றைத் தேடிப் பிடிப்பது நான் C மொழியில் எழுதிய நிரலின் வேலை. பிடித்தால் கேட் திறக்கும். பிடிக்காவிட்டால் வண்டி பக்கத்துப் பாதையில் வெளியேறி, எண்ணூர் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். "சுத்திகினு வா!" என்று காவலாளி கத்துவார். அவ்வளவுதான், மூன்று மணி நேரம் போச்சு.

நெட்டுக்குப்பத்து டிரெய்லர் ஓட்டுநர் ஒருவருக்கு மட்டும் கேட் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவர் இறங்கி வந்து பெட்டியைக் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறார். யார்டு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ரீடர் டேக்கைப் படிக்க வண்டிகள் நிற்க வேண்டிய மஞ்சள் கோட்டை ஓர் அடி தாண்டி அவருடைய வண்டி நின்றிருந்தது. நான் வேறெதையும் பார்க்கவில்லை. 'ஓட்டுநர் கோட்டில் நிறுத்துவதில்லை, பெட்டியில் கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அவருடைய பாஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பாஸ் வராவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக அவருடைய முதலாளி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"யம்மா, அந்தப் பொட்டி செஞ்சது நீங்கதானாமே? இருவது வருஷமா வண்டி ஓட்டிகினு கீறேன். கோட்டுல நிக்கத் தெரியாதவனா நானு? எவன் எழுதினான் அப்டி? அந்தக் கையை நான் பாக்கணும்."

அந்தக் கை என் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. எழுதினது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அண்ணா, உங்க டேக்கை ஒரு வாட்டி பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

யார்டுக்குப் போய், சோதனைக்கு மட்டும் அவர் வண்டியைக் கேட் வரை விடச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை ரீடர் வயரில் மாட்டினேன். அவர் வண்டியைச் சரியாகக் கோட்டின் மேல் நிறுத்தினார். திரையில் எழுத்துகள் வந்தன. அவருடைய எண் A என்று முடிந்தது. அதன் பின்னால் AAZ. ஆக AAAZ. கேட் திறக்கவில்லை.

என் நிரலைத் திறந்து பார்த்தேன். முதல் A பொருந்தியது, இரண்டாவது A பொருந்தியது, மூன்றாவதாக Z வரும் என்று நிரல் காத்திருக்க, வந்தது இன்னொரு A. பொருந்தவில்லையா, `j = 0;` என்று எழுதி வைத்திருந்தேன். பொருந்திய எண்ணிக்கை பூஜ்யம், ஆரம்பத்திலிருந்து தேடு. வயரில் போன எழுத்து திரும்பி வராது. அடுத்து வந்த Z-ஐ என் நிரல் சட்டை செய்யவே இல்லை. ஆபீசில் நான் சோதித்த பத்து டேக்குகளும் இலக்கத்தில் முடிந்தவை. அதனால்தான் இது தெரியவில்லை. அவர் கோட்டில் நின்றாலும் ஒன்றுதான், கடலில் நின்றாலும் ஒன்றுதான்.

புதன்கிழமை அவசரமாக ஒரு திருத்தம் செய்தேன். பொருந்தாமல் போன எழுத்து AAZ-இன் முதல் எழுத்தாகவே இருந்தால் எண்ணிக்கையை ஒன்று என்று வை. சோதித்தும் பார்க்காமல் யார்டுக்கு ஓடி, அவரை வரச்சொன்னேன். மூன்றாவது A வந்ததும் எண்ணிக்கை ஒன்று ஆனது. அதற்கு இன்னொரு A வேண்டும். வந்ததோ Z. கேட் அசையவில்லை. பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது.

"சுத்திகினு வா தலைவா!" என்று எவனோ கத்தினான்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"எதுக்கு இவ்ளோ பேஜாரு? அவருக்கு வேற டேக் ஒட்டிடு, முடிஞ்சுது" என்றார் எங்கள் முதலாளி.

"A-ல முடியற அடுத்த வண்டிக்கு யார் சார் ஒட்டுவாங்க? நான் எழுதின ரிப்போர்ட் மேல எதை ஒட்டுவீங்க?" என்று எகிறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று பேப்பரில் AAZ என்று எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம். நிரல் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதுவரை பொருந்திய துண்டின் வால், அதன் தலையைப் போலவே எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது? A மட்டும் என்றால் பூஜ்யம், முழுத் துண்டையே வால் என்று எண்ணக்கூடாது. AA என்றால் ஒன்று. AAZ என்றால் பூஜ்யம். 0, 1, 0. இதுதான் தோல்வி அட்டவணை. வண்டி வருவதற்கு முன்பே, தேடும் சொல்லை மட்டும் வைத்து ஒரே ஒரு தடவை போட்டு வைத்துவிடலாம். படித்த காலத்தில் பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

`j = 0;` இருந்த இடத்தில் `j = fail[j - 1];` என்று வந்தது. இப்போது மூன்றாவது A பொருந்தாதபோது எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றுக்கு மட்டும் இறங்கும். அதே A அங்கே பொருந்தி மறுபடி இரண்டாகும். அடுத்த Z வந்தால் மூன்று, கேட் திறக்கும். அங்கேயும் பொருந்தாவிட்டால் அட்டவணைப்படி இன்னும் இறங்கும், பூஜ்யம் வரை. கிடைத்த பொருத்தத்தைத் தூக்கி எறிய வேண்டாம், போன எழுத்தைத் திரும்பக் கேட்கவும் வேண்டாம். வியாழன் முழுக்க A, AA, AAA என்று முடியும் எண்களைக் கொடுத்துக் கொடுத்துச் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை யார்டுப் பெட்டியில் புது நிரலை ஏற்றிவிட்டு, புது ரிப்போர்ட்டோடு அதிகாரியிடம் போனேன். 'மென்பொருள் மேம்படுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தார் முதலாளி. நான் அப்படி எழுதவில்லை. அதிகாரி படித்துவிட்டு, மேசை டிராயரைத் திறந்து பாஸை எடுத்துக் கொடுத்தார். அதையும் ரிப்போர்ட்டையும் வண்டியிலிருந்த ஓட்டுநரிடம் நீட்டினேன்.

"அண்ணா, அன்னிக்கு எழுதினது எவனும் இல்ல. நான்தான்."

அவர் பாஸை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காகிதத்தை வாங்கவில்லை.

"அன்னிக்கு இத்தினி பேரு சிரிச்சாங்கள்ல? கொஞ்சம் சவுண்டா படிம்மா."

கேட்டுக்கு முன்னால் நின்று படித்தேன். "கேட் திறக்காததற்கு ஓட்டுநர் காரணமில்லை. நிரலில் பிழை. அதை எழுதியது நான். சரியாகப் பார்க்காமல் அவர் மேல் பழி போட்டதும் நான்."

அவர் வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓர் அடி. வேண்டுமென்றேதான். கேட் மேலே போனது.

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். ஆனால் அவர் வண்டியை எடுக்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பின்னாடி கீறவனுக்கு காதுல வுழுந்திருக்காது. மொதல்லேர்ந்து படி."

மொதல்லேர்ந்து படித்தேன்.