ஒரு போனோட மட்டும் பேசுற பெட்டி

எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வர்றவங்க எல்லாருக்கும் நான் பிரேக் அக்கா. கல்யாணமான புதுசுல ஒரு நாள் என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, "ஏம்மா, ஏறி உக்காந்து பிரேக்கை மிதி"ன்னார். பிரேக் பைப்புல மாட்டிக்கிட்ட காத்தை வெளியேத்தணும்னா ஒருத்தர் மேல மிதிக்கணும், ஒருத்தர் கீழ திருகைத் திறக்கணும். "மிதி... பிடி... விடு." அவ்வளவுதான் பேச்சு. அன்னிக்கு ஏறின சீட்டுதான். அப்புறம் ரெண்டு பிள்ளை பெத்தேன், அதுங்க வளந்து வேற வேற ஊருக்குப் போயிடுச்சுங்க, நான் இன்னும் யாரோ ஒருத்தர் வண்டியோட டிரைவர் சீட்டுலதான் இருக்கேன். வீட்டுல சண்டை போட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிற நாள்லகூட, அவர் "பிடி"ன்னா என் கால் பிடிச்சுக்கும்.

அந்த சீட்டுலதான் ஒருத்தி வந்து உக்காந்தா.

டாக்ஸிக்காரி. சொந்த வண்டி, கலகலன்னு பேச்சு, என்னைவிட வயசு கம்மி. அவ வண்டி சிக்னல்ல நின்னா கைகால் உதறுற மாதிரி உதறும். பெட்ரோலை வேற மடமடன்னு குடிக்கும். வேற கடைகள்ல பிளக் மாத்தி, காயில் மாத்தி, ஒண்ணும் வேலைக்காகலை. எங்க கடைக்கு வந்தவ, ஸ்டீயரிங்குக்குக் கீழ குனிஞ்சு, முழங்காலுக்கு மேல இருக்கிற துளையில ஒரு சின்னப் பெட்டியைச் சொருகினா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசு, சல்லிசா கிடைக்கிற சாமான். லைட் மினுக்குச்சு. போன்ல ஏதோ ஆப்பைத் திறந்தா, எஞ்சின் சுத்துற வேகம், தண்ணியோட சூடு எல்லாம் நம்பரா ஓட ஆரம்பிச்சுடுச்சு.

"அண்ணே, இங்க பாருங்க"ன்னு நீட்டினா.

எங்க வீட்டுக்காரர் பாத்தார் பாருங்க! பேரப்பிள்ளை போட்டோவை நான் நீட்டினா, "கண்ணாடி இல்லம்மா, அப்புறம் பாக்கறேன்"னு தள்ளுற மனுஷன். அன்னிக்குக் கண்ணாடி எங்கிருந்தோ மூக்கு மேல வந்து உக்காந்துச்சு. ரெண்டு தலையும் ஒரே போனுக்கு மேல. எனக்கு வயிறு எரிஞ்சுது. அண்ணேன்னு கூப்பிட்டுட்டா எல்லாம் சரியாப் போச்சா?

அவரும் அந்த ஆப்பைத் தன் போன்ல ஏத்திக்கிட்டார். ஆனா எவ்வளவு தேடியும் பெட்டி பிடிபடலை. அவ சிரிச்சா. "இது ஒரு நேரத்துல ஒரு போனோடதான் பேசும்ணே. நான் இப்ப பிடிச்சு வச்சிருக்கேன்ல!"

பிடிச்சு வச்சிருக்காளாம். பேச்சைப் பாரு.

அப்புறம் தினமும் சவாரி முடிஞ்சதும் வந்துடுவா. நிறைய நம்பரை ஒண்ணா வச்சா பெட்டி திணறுதுன்னு ரெண்டே ரெண்டை மட்டும் வச்சாங்க. ஒண்ணு எஞ்சின் வேகம். இன்னொண்ணு, வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குடுக்கறோம்னு வண்டியோட கம்ப்யூட்டர் சொல்ற கணக்கு. சும்மா நிக்கிறப்ப அது பதினெட்டு. அவ ஆக்சிலேட்டரை மிதிச்சு வேகத்தை ஏத்தினா நாலுக்கு இறங்கிடும்.

"எங்கயோ ஓட்டை"ன்னார் இவர். "சென்சார் அளக்காத காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது, அதுக்கு ஈடாத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுது. எஞ்சின் கொஞ்சமா மூச்சு விடறப்ப அந்தத் திருட்டுக் காத்து பெருசாத் தெரியும். நிறைய மூச்சு விட்டா கணக்குலயே வராது."

திருட்டுத்தனமா உள்ள நுழையறதைப் பத்தி எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்.

அவ சீட்டுல உக்காந்து நம்பரைப் படிப்பா, இவர் பானெட்டுக்குள்ள தலையை விட்டு ஒவ்வொரு ரப்பர் குழாய் மூட்டுலயும் கிளீனர் ஸ்பிரே அடிப்பார். ஓட்டை வழியா ஸ்பிரே உள்ள போனா அதுவும் பெட்ரோல் மாதிரி எரியும், நம்பர் இறங்கணும். "இறங்குச்சா?" "இல்லண்ணே." "இப்ப?" "இல்லண்ணே." எனக்கு மட்டும் ஒரே வசனம். "ஏம்மா, ரெண்டு டீ." ரெண்டாம்! நான் குடிக்க மாட்டேனா?

ஒரு சாயங்காலம் டீயைக் கொண்டுபோய் டூல்ஸ் பெட்டி மேல டங்குன்னு வச்சேன். எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஹேண்ட் பிரேக் போட்டிருந்துச்சு. நேரா அவகிட்டப் போனேன்.

"எந்திரிங்க. அது என் சீட்டு."

மூஞ்சியைச் சுளிச்சிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். "வாங்கக்கா, வாங்க"ன்னு எந்திரிச்சு, போனோட போய் இவர் பக்கத்துல நின்னுக்கிட்டா. இது இன்னும் மோசமாப் போச்சு. தோளோட தோள் இடிக்கிற தூரம். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறி உக்காந்தேன். உக்காந்ததும் என் கால் தானா பிரேக்குக்குப் போச்சு. இத்தனை வருஷப் பழக்கம். ஆத்திரத்துல அழுத்தியே மிதிச்சேன்.

வண்டி தடதடன்னு உதறுச்சு.

"ஐயய்யோ அண்ணே, நம்பர் ஏறுது! இருபத்தஞ்சு... இருபத்தொம்போது!"

இவர் தலையைத் தூக்கினார். "ஏய், என்னத்தைத் தொட்டே?"

"நான் யார் புருஷனையும் தொடலை."

"விளையாடாதே. கால் எங்க இருக்கு?"

"பிரேக்குல. வேற எங்க இருக்கும்?"

எட்டி என் காலைப் பாத்தார். அப்புறம் மெதுவா, "விடு"ன்னார்.

விட்டேன். "பதினெட்டு"ன்னா அவ.

"மிதி... பிடி."

ஏறுச்சு. பெடலுக்குப் பின்னாடி புஸ்ஸுன்னு சத்தம் என் காலுக்கே கேட்டுச்சு. "இங்க காத்து இழுக்குதுங்க"ன்னேன்.

"விடு."

என் மனசு குளுந்துபோச்சு. அவ நூறு நம்பர் சொல்லட்டும், இந்த மூணு வார்த்தை எனக்குத்தான்.

பிரேக் பூஸ்டர்னு ஒண்ணு இருக்கு, பெரிய சட்டி மாதிரி. நம்ம காலுக்குப் பலம் குடுக்கிறது அதுதான். எஞ்சின்லேர்ந்து அதுக்குப் போற குழாயை இவர் பிளையரால நசுக்கிப் பிடிச்சார். கொஞ்ச நேரத்துல நம்பர் சரசரன்னு ரெண்டுக்கு இறங்கிடுச்சு. உதறலும் நின்னுச்சு. சட்டிக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கு. அவங்க வெளியில எல்லாம் ஸ்பிரே அடிச்சாங்க, ஓட்டை இருந்தது பெடல் பக்கம். அவ சோதனை போட்ட நேரம் முழுக்க பிரேக்கைத் தொடவே இல்ல.

அவ முகம் வெளுத்துடுச்சு. "கொஞ்ச நாளா பிரேக் கல்லா இருந்துச்சுக்கா. ஓட்டி ஓட்டிக் கால் அசந்துபோச்சுன்னுல்ல நெனச்சேன்."

அவளை அப்படிப் பாக்கறதுக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும், புது பூஸ்டர் போட்டு வண்டி வாசலைத் தாண்டின அன்னிக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன்.

நிம்மதி எத்தனை நாளைக்கு? இவர் அதே மாதிரி ஒரு பெட்டி வாங்கிட்டு வந்தார். ஒரு கையில போன், சீட்டுல தானே உக்காந்து, தானே மிதிச்சு, தானே நம்பர் பாத்து, தானே சிரிச்சுக்கறார். "இனிமே உனக்குச் சிரமமே இல்லம்மா. நீ வீட்டுல ரெஸ்ட் எடு." அந்த வார்த்தை சுருக்குன்னு குத்துச்சு. டாக்ஸிக்காரி போனா போகுதுன்னு இருந்தா, இப்ப இத்தனூண்டு பெட்டி எனக்குச் சக்களத்தியா?

என் போன்லயும் ஆப் இருக்கு. டாக்ஸிக்காரியே போட்டுக் குடுத்துட்டுப் போனா. பெட்டி கேக்கற ரகசிய நம்பர் ஒண்ணு ரெண்டு மூணு நாலு. இவ்வளவு லேசா எல்லாருக்கும் கதவைத் திறக்கிற பெட்டியை நான் கண்டதே இல்ல.

மறுநாள் காலையில ஒரு வேன் வந்துச்சு. அவர் சட்டை மாத்திட்டு வர்றதுக்குள்ள நான் ஏறி உக்காந்து, பெட்டியைச் சொருகி, என் போன்ல பிடிச்சுக்கிட்டேன். அவர் பானெட் பக்கம் நின்னு போனைத் தட்டறார், தடவறார்.

"என்னம்மா இது, கனெக்ட்டே ஆக மாட்டேங்குது?"

"அது ஒரு நேரத்துல ஒரு போனோடதான் பேசும். இப்ப எங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கு."

கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தார். நான் அசையலை. கால் பிரேக்குல இருந்துச்சு. கடைசியில போனை ஜேபியில போட்டுக்கிட்டு, பானெட்டுக்குள்ள தலையை விட்டார்.

"சரி, நம்பர் எவ்வளவுன்னு சொல்லு"ன்னார்.