குளத்தில் எடுத்த பாதுகாப்பு வீடியோ

முத்தியால்பேட்டையில் முதலில் வீடியோ கேமரா வாங்கியவன் நான். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. ஆனாலும் பாண்டியில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு கிளப்பின் நீச்சல் மாஸ்டர், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் போட்டுக் காட்ட ஒரு பாதுகாப்புப் படம் கேட்டார். வசனம் அவர் எழுதியது. பெரியவர் இல்லாமல் தண்ணீரில் இறங்காதே, ஓரத்தில் ஓடாதே, யாராவது மூழ்கினால் குதிக்காமல் ஆளைக் கூப்பிட்டுக் கழியை நீட்டு. அவ்வளவுதான்.

வெளியாள் எதற்கு என்று என் எட்டு வயது மகளையும் மனைவியையும் நடிக்க வைத்தேன். அன்றைய காட்சி, கவனிக்காத அம்மா. மகள் இடுப்பளவு தண்ணீரில் விளையாட வேண்டும். மனைவி கிளப்பின் நீச்சல் குளத்துக்கு முதுகைக் காட்டி, பக்கத்துப் பெண்ணிடம் பேச வேண்டும். மாஸ்டர் அடுத்த காட்சிக்குக் கழி எடுத்துவரப் போயிருந்தார்.

நான் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் நகர்ந்தாள். தரை அங்கே சரிவு. தலை பின்னால் சாய்ந்தது. வாய் தண்ணீர் மட்டத்தில் வந்து வந்து போனது. சத்தம் இல்லை, கை ஆட்டவும் இல்லை. பிரமாதமாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, பாப்பா முங்குது” என்று மாஸ்டர் கழியோடு ஓடிவந்தார்.

என் தோளில் கேமராவோடு ஒயரால் இணைந்த ரெக்கார்டர் பை. எனக்கு நீச்சலும் தெரியாது. மனைவி குதிக்கப் போனாள்.

“அக்கா, நீங்க எறங்காதீங்க, படுத்துக் கழிய நீட்டுங்க.”

அவள் குப்புறப் படுத்து நீட்டினாள். கழி மகளின் கையில் இடித்தது, பிடிக்க முடியவில்லை. மாஸ்டர் ஓரத்தில் கிடந்த ரப்பர் டியூபோடு இறங்கி அவளை இழுத்து வந்தார். மூச்சு இல்லை.

எங்கள் பக்கத்தில் தண்ணீரில் மூழ்கிய பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவார்கள். நானும் காலைப் பிடித்தேன்.

“விடுங்கண்ணே. வயித்தையும் அமுக்காதீங்க. யாராச்சும் போய் வண்டி கொண்டாங்க.”

தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயில் ஊதினார். மறுபடியும் ஊதினார். என் கைக்கு ஒரு வேலையும் இல்லை. ஊரில் எத்தனை பேருக்கு வழி சொன்னவன், சும்மா நின்றேன். மகளுக்கு வாந்தி வந்தது, மாஸ்டர் அவளைப் பக்கவாட்டில் திருப்பினார். இருமினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில், மூச்சு வந்தாலும் நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம் என்று படுக்க வைத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைத் தவிர நான் செய்தது எதுவுமில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டேப்பை அழிக்கப் போனேன்.

“என்னாங்க பண்றீங்க? அப்படியே போடுங்க. முங்குற புள்ள கத்தாதுன்னு நம்மளுக்கே தெரியல. மத்த அம்மாங்க பாக்கட்டும்” என்றாள் மனைவி.

கிளப்பில் போட்டார்கள். இயந்திரத்தை ஓட விட்டதும் நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளே ஒரு பெண், “எம்மாம் அழகா நடிக்குது” என்றாள்.

அது நடிப்பில்லை என்று திரும்பிப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.