விளம்பரத்தில் இல்லாத கட்டணம்

என் மனைவிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானபோது, நான் நமுனுகுலவில் தோட்டப் பாடசாலை ஆசிரியன். அவளை முன்பே வார்டில் சேர்த்திருந்தார்கள். துணைக்கு என்னோடு வரவிருந்த அத்தையை, அதாவது அவளுடைய அம்மாவை, எங்கே தங்க வைப்பது? பஜாரில் இருந்த லாட்ஜுகள் பெண்களுக்கு அறை தருவதில்லை. பேப்பரில் ஒரு புது ஹோட்டலின் விளம்பரம் வந்திருந்தது. பழைய துரை பங்களா. வாடகை நாற்பது ரூபா என்று போட்டிருந்தது. இரண்டு நாளுக்கு அறை கேட்டு, ஒரு நாள் வாடகையை மணியார்டரில் முன்பணமாக அனுப்பினேன்.

புறப்பட வேண்டிய நாளில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. போஸ்ட் ஆபீஸ் டெலிபோனும் வேலை செய்யவில்லை. மறுநாள் சேற்றில் நடந்து, லொறி பிடித்து, பார்வையாளர் நேரத்துக்குச் சற்று முன்புதான் பதுளைக்கு வந்தோம். அத்தையின் கால்கள் வீங்கியிருந்தன. அவரை இருத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்று முதலில் ஹோட்டலுக்குப் போனேன்.

மேனேஜர் ரெஜிஸ்டரைப் பார்த்தார். "நேத்தே வந்திருக்கணும். வராததுனால முன்பணம் போச்சு. புக்கிங்கும் கேன்சல்."

"ரோடு அடைச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க."

"கேள்விப்பட்டேன். அதுக்கு நான் என்ன செய்ய? இப்ப புதுசா ரெண்டு நாளுக்குக் கட்டுனா ரூம் இருக்கு. அப்புறம் தோட்டம், சுடுதண்ணி, ஹால் எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு ரூபா. அத போகும்போது கட்டணும்."

"விளம்பரத்துல அது இல்லையே!"

"விளம்பரத்துல ரூம் வாடகை மட்டுந்தான்."

அத்தை கைகூப்பினார். "ஐயா, எம்மவ அங்க காத்துக்கிட்டுக் கிடக்கா. அந்தப் பணத்தக் கழிச்சிக்குங்க."

அவர் அத்தையைப் பார்க்கவே இல்லை. வாதாடி, கெஞ்சி, கடைசியில் கையிலிருந்ததைக் கட்டிவிட்டு நான் ஓடியபோது ஆஸ்பத்திரிக் கேட் பூட்டப்பட்டிருந்தது. "நேரம் முடிஞ்சிருச்சு, சாயங்காலம் வாங்க" என்றான் காவல்காரன். சாயங்காலம் போனபோது அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "வீட்டுக்காரர் வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே போனாங்க" என்றார் நர்ஸ். அவள் கண் விழிக்கவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காலையில் பையை எடுக்க ஹோட்டலுக்குப் போனோம். விஷயத்தைச் சொல்லி, மிச்ச நாள் வாடகையைக் கேட்டேன். உடலை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேன் பிடிக்க வேண்டும்.

"அனுதாபங்கள்" என்றார் மேனேஜர். "இடையில போனா வாடகை திரும்பாது. தோட்டம், சுடுதண்ணிக் கட்டணமும் ரெண்டு நாளைக்கு உண்டு. முப்பத்திரண்டு ரூபா."

"ஒரு நாள்தானே இருந்தோம்? அதுவும் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில."

"புக்கிங் ரெண்டு நாளைக்கு."

என் சட்டைப் பையில் அவ்வளவு இல்லை. அத்தை காதிலிருந்த தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். மேனேஜர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பஜாரில வித்துக் காசாக் கொண்டாங்க. பை இங்கேயே இருக்கட்டும்" என்றார்.